தூங்க வைக்கும் கதைச் சேனல்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மூன்று வருடமாகச் சின்னக் குழந்தைகளுக்கு ராத்திரிக் கதை சொல்லும் யூடியூப் சேனல் ஒன்றை வீட்டிலிருந்தே நடத்துகிறேன். வரைவது, பேசுவது, வெட்டி ஒட்டுவது எல்லாம் நான்தான். பள்ளிக்கூட வாசலிலும் வாட்ஸாப்பிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கதை போடும் பெற்றோர் கேட்டவையும், தாங்களும் இப்படி ஒரு சேனல் தொடங்க நினைப்பவர்கள் கேட்டவையும் இங்கே கலந்தே இருக்கின்றன.

எத்தனை வயசுக் குழந்தைக்குப் போடலாம்?

நான் மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்துத்தான் செய்கிறேன். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையேதான் சொல்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. என் கதையைப் பகலில் படத்தோடு பார்த்தால் அந்த ஏழு நிமிடமும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் சேரும். கதை என்பதால் தனிச்சலுகை கிடையாது.

தூங்கப் போறதுக்கு முன்னாடி ஸ்கிரீனே காட்டாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம் எதுக்கு இந்தச் சேனல்?

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் திரை வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் பரிந்துரைக்கிறது. திரையின் வெளிச்சம் மூளைக்கு இன்னும் பகல் என்று சொல்கிறது. படத்தில் அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு கண்ணை மூட விடுவதில்லை.

அதனால் என் கதைகளை இரண்டு தடவையாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். முதல் தடவை சாயந்திரம் நான்கு, ஐந்து மணிக்குப் படத்தோடு, பெரியவர் மடியில். அப்புறம் அதே கதை ராத்திரியில், போனைக் கவிழ்த்து வைத்து, குரல் மட்டும். ஒவ்வொரு கதைக்கும் நான் வைக்கும் முதல் தேர்வும் இதுதான்: போன் கவிழ்ந்து கிடந்தால் கதை புரிகிறதா? "அங்க பாரு, யாரு வர்றா?" என்ற ஒரு வரி இருந்தால் போதும், குழந்தை எழுந்து போனைத் திருப்பிவிடும். அந்த வரியை "படபடன்னு ரெக்கை சத்தம். கொக்கு வந்துடுச்சு" என்று மாற்றினால் அது படுத்தே கேட்கும்.

அப்போ அனிமேஷன் எதுக்கு? ஆடியோவே போதாதா?

கதை தெரிந்த குழந்தைக்குப் போதும். அடுக்குமாடியில் வளரும் குழந்தைக்குக் கொக்கு ஒற்றைக் காலில் நிற்பதும், சாணி போட்டுத் தரையை மெழுகுவதும் தெரியாது. இடையன் என்ற சொல்லே புதிது. அதைப் பகலில் ஒரு தடவை பார்த்துவிட்டால் ராத்திரி சொல்லைக் கேட்டதும் உருவம் தானாக வரும். இருட்டில் அது தானே மனதில் படம் ஓட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் படமே போடுகிறேன்.

எந்த மாதிரிக் கதை தூக்கத்துக்கு ஏத்தது? பஞ்சதந்திரம் போடலாமா?

பஞ்சதந்திரம் அருமையானதுதான், ஆனால் அதில் பெரும்பாலானவை பகல் கதைகள். குரங்கும் முதலையும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நடு ஆற்றில், நண்பன் முதுகில் உட்கார்ந்திருக்கும்போது "உன்னைக் கொல்லத்தான் கூட்டிப் போகிறேன்" என்று நண்பனே சொல்கிறான். குரங்கின் சாமர்த்தியத்தை நாம் ரசிப்போம். மூன்று வயதுக் குழந்தைக்குச் சாமர்த்தியம் எட்டாது, நடு ஆறுதான் மனதில் நிற்கும். கதையைத் திருத்தி முதலையை நல்லவனாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது கதையையே கொன்றுவிடும். ஐந்து வயதுக்கு மேல், பகலில், கேள்வி கேட்க நேரம் கொடுத்துச் சொல்லுங்கள்.

ராத்திரிக்கு ஏற்றவை சங்கிலிக் கதைகள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும். அடுத்து என்ன என்பது குழந்தைக்கு முன்பே தெரியும், பதற்றப்பட எதுவும் இருக்காது. தமிழில் இதற்கு எங்கேயும் தேட வேண்டாம், பேர் மறந்த ஈ இருக்கிறது.

பழைய கதையை நீங்க எப்படி மாத்துறீங்க? ஒண்ண முழுசாச் சொல்லுங்களேன்.

அந்த ஈயையே எடுத்துக்கொள்வோம். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பேரை மறந்துவிட்டது. கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது, அதற்குத் தெரியவில்லை. தாய்ப்பசுவிடம், இடையனிடம், அவன் கைக் கோலிடம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஊருக்கு ஊர் சங்கிலி மாறும். என் பாட்டி சொன்னதில் 14 பேர். அவ்வளவும் சொன்னால் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது, சின்னதுகளுக்கு நடுவில் நூல் அறுந்துவிடுகிறது. மீன், வலைக்காரர், சட்டி, குயவர், மண் ஆகிய ஐந்தையும் எடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்பது: "கொழு கொழு கன்னே, கன்னோட தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே, கோல் இருந்த மரமே, மரத்துல தூங்கும் கொக்கே, கொக்கு குளிக்கும் குளமே, குளத்தங்கரைப் புல்லே, புல்லை மேயும் குதிரையே, என் பேரென்ன?"

சிக்கல் முடிவில்தான். குதிரை "ஈஈஈ" என்று கனைக்கும், ஈக்குப் பேர் ஞாபகம் வந்துவிடும், கதை முடிந்தது. முதல் தடவை அப்படியே பதிவு செய்து என் பெண்ணுக்கும் அக்கா மகனுக்கும் போட்டேன். குதிரை கனைத்ததும் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்து மெத்தை மேல் கனைக்க ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பதினொரு மணி ஆயிற்று. கதையின் உச்சி கடைசி வரியில் இருந்தால் குழந்தை உச்சியில்தான் நிற்கும், இறக்கி விட ஆள் வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

இப்போது குதிரை தூக்கக் கலக்கத்தில் மெல்லக் கனைக்கிறது. அதற்கப்புறம் ஈ வந்த வழியே திரும்பிப் போகிறது. "குதிரை தூங்கிடுச்சாம். புல்லும் தலைய சாய்ச்சுடுச்சாம். குளத்துல அலையே இல்லையாம். கொக்கு ஒத்தக் கால்ல தூங்குதாம்." கடைசியில் கன்றுக்குட்டி அம்மா வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்குகிறது, அதன் காதோரத்தில் ஈயும் தூங்கிவிடுகிறது. தொடக்கம் 50 நொடி, போகும் வழி மூன்றரை நிமிடம், குதிரை 20 நொடி, திரும்பும் வழி இரண்டு நிமிடம், கடைசியில் 20 நொடி வெறும் சில்வண்டுச் சத்தம். மொத்தம் ஏழு நிமிடம். அந்த ஐந்தை எடுத்ததையும், கனைப்பை மெல்லமாக்கியதையும், திரும்பும் வழியைச் சேர்த்ததையும் தவிர கதையில் நான் கை வைக்கவில்லை.

மெதுவாப் பேசினாப் போதுமா? பேச்சுத்தமிழா, எழுத்துத்தமிழா?

பேச்சுத்தமிழ்தான். "இருந்தது" என்றால் பாடம், "இருந்துச்சாம்" என்றால் கதை. அந்த "ஆம்" குழந்தைக்கு ஒரு பாதுகாப்பும்கூட. இது எங்கோ யாரோ சொன்னது, இந்த அறையில் நடப்பது இல்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது.

மெதுவாகப் பேசுவதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். சொற்களை இழுத்தால் குரல் செயற்கையாகிவிடும், குழந்தை சிரிக்கும். நான் சாதாரண வேகத்தில் வரியைச் சொல்லிவிட்டு வரிக்கு நடுவில் இடம் விடுகிறேன். நம் வீடுகளில் கதை கேட்பவர் "ம்" கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். அந்த "ம்"முக்குத்தான் இடம் விடுகிறேன். தொடக்கத்தில் இரண்டு நொடி, திரும்பும் வழியில் மூன்று, கடைசியில் நான்கு. இப்படிச் சொன்னால் நிமிடத்துக்கு 75 சொல் அளவில் வருகிறது, ஏழு நிமிடத்துக்கு எழுதி வைத்தது 500 சொல்தான். திரும்பும் வழியில் கேள்வியே கிடையாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தோன்றும், பதில் சொன்னால் விழிப்பு வந்துவிடும்.

ரெக்கார்டிங்குக்கு ஸ்டுடியோ வேணுமா?

வேண்டாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒரு கம்பளியைப் போட்டுக்கொண்டு பேசுகிறேன். துணி எதிரொலியை விழுங்கிவிடும். நேரம் ராத்திரி இரண்டு மணி வாக்கில். ஐந்து மணியானால் குயிலும் கோயில் ஸ்பீக்கரும் தொடங்கிவிடும். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜைத் திரும்பப் போடுவதற்கு, கார் சாவியோ வண்டிச் சாவியோ அதற்குள் வைத்துவிடுங்கள், காலையில் கட்டாயம் ஞாபகம் வரும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் "பசு", "புல்" என்று ஒவ்வொரு ப-வுக்கும் காற்று அடித்து, கவிழ்த்து வைத்த போனில் தட்டுவது போலக் கேட்கும். பேசத் தொடங்குமுன் ஐந்து நொடி சும்மா இருந்து பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள், அதில் Noise Reduction என்பதற்கு அந்த அமைதியைத்தான் மாதிரியாகக் காட்ட வேண்டும். அளவாகப் போடுங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

கடைசியாகச் சத்த அளவு. அதே மென்பொருளில் Loudness Normalization என்பதில் நான் -16 LUFS வைக்கிறேன். -14-க்கு மேல் சத்தமாக இருந்தால் யூடியூப் தானே குறைத்துவிடும், குறைவாக இருப்பதைக் கூட்டாது. மென்மையாக வேண்டும் என்று ரொம்பக் குறைத்துப் போட்டால் பெற்றோர் போனின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அதற்கப்புறம் ஒரு அழைப்போ விளம்பரமோ வந்தால் குழந்தை அலறி எழும்.

எனக்கு வரைய வராது. அனிமேஷனுக்கு என்ன பண்றது?

காகித பொம்மை வெட்டத் தெரிந்தால் போதும். ஈக்கு உடம்பு, இரண்டு இறக்கை, இமை என்று தனித்தனி அடுக்குகளாக வரைந்து, அதை மட்டும் அசைக்கிறேன். க்ரிடா இலவசம், அதிலேயே அசைவும் செய்யலாம். துண்டுகளைச் சேர்த்து ஒலியோடு பொருத்த கேடென்லைவ். பசு மூச்சு விடும்போது வயிறு மெல்ல ஏறி இறங்கும், ஐந்தாறு நொடிக்கு ஒரு தடவை கண் சிமிட்டும், அவ்வளவுதான். ஒரு காட்சி 15 நொடியாவது மாறாமல் நிற்கும். கேமரா பாய்வதோ, பெரிதாவதோ கிடையாது.

நிறத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வெள்ளைப் பின்னணி வேண்டாம், கரு நீலமும் விளக்கு மஞ்சளும் போதும். பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, குழந்தை படுக்கும் இடத்தில் ஒரு தலையணையை வைத்து, பக்கத்தில் வீடியோவை ஓட விடுங்கள். காட்சி மாறும்போது தலையணை மேல் வெளிச்சம் பளிச்சென்று மாறினால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். நான் படத்தைப் பகலில் பார்க்கச் சொன்னாலும் எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. அதனால் திரும்பும் வழி முழுக்கப் படம் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு, கடைசி 20 நொடி முழுக் கறுப்பாகிவிடும்.

'Made for kids' போட்டா வியூஸ் குறையுமாம். போடாம விட்டா என்ன?

போட்டே ஆக வேண்டும். பட்டனை அழுத்துவது பெற்றோர்தானே என்று சிலர் வாதாடுகிறார்கள். கதை யாருக்காக என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் குழந்தைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதமில்லாமல் சேகரித்ததாக வந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதைத் தொடர்ந்து 2020 ஜனவரியிலிருந்து எல்லா நாட்டுச் சேனல்களும் இதைக் குறிப்பிட்டாக வேண்டும். நீங்கள் மாற்றிச் சொன்னாலும் யூடியூபே கண்டுபிடித்து மாற்றிவிடலாம்.

அதைப் போட்டதும் கமெண்ட், மணி நோட்டிஃபிகேஷன், கார்டு, எண்ட் ஸ்கிரீன் எல்லாம் போய்விடும். பார்ப்பவரின் பழக்கத்தைப் பின்தொடர்ந்து போடும் விளம்பரம் வராது, அதனால் வருமானம் குறையும். உண்மைதான். ஆனால் தூங்கப் போகும் குழந்தை முன் "அடுத்த வீடியோ" என்று நான்கு கட்டம் மின்னாமல் இருப்பது எனக்குச் சௌகரியம்தான்.

கதை நல்லாப் போயிட்டிருக்கும்போது விளம்பரம் வந்து எழுப்பிவிட்டுடுது. என்ன செய்ய?

நடுவில் வரும் விளம்பரம் எட்டு நிமிடமோ அதற்கு மேலோ உள்ள வீடியோக்களுக்குத்தான். என் கதைகள் ஏழு நிமிடத்தில் நிற்க அதுவும் ஒரு காரணம். சேனல் நடத்துபவர்கள் மூன்று கதையைச் சேர்த்து அரை மணி நேரமாகப் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் வரும் விளம்பரத்தை என்னால் முழுக்கத் தடுக்க முடியாது. நான் வருமானம் வேண்டாம் என்றாலும் யூடியூப் போடலாம். அதனால் வீடியோவை வேறு அறையில் தொடங்கி, விளம்பரம் முடிந்து "ஒரே ஒரு ஊர்ல" வந்ததும் நிறுத்தி, எடுத்துப் போய் ஓட விடுங்கள். ஆட்டோபிளேயை அணைத்து, போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் வையுங்கள்.

ஏதாவது கதைப் புத்தகத்தைப் பார்த்துப் படிச்சா காப்பிரைட் பிரச்சினை வருமா?

வரும். கதை பழையதாக இருக்கலாம், அதை இன்றைக்கு எழுதியவரின் சொற்கள் அவருடையவை. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. ஈக்கதை மாதிரி வாய்மொழிக் கதையை நீங்களே உங்கள் சொல்லில் எழுதினால் சிக்கல் இல்லை. எழுதிய கதைதான் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. பெரும்பாலும் CC BY 4.0 உரிமத்தில் இருக்கும், எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கதையின் கடைசிப் பக்கத்திலும் உரிமம் எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்க பொண்ணு பேரைச் சொல்லி ஒரு குட் நைட் சொல்லுங்களேன், ப்ளீஸ்?

ஆசை புரிகிறது, ஆனால் செய்வதில்லை. ஒரு குழந்தையின் பேர், ஊர், பிறந்தநாள், போட்டோ எதையும் யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்க மாட்டேன். போட்டோ அனுப்பினால் அழித்துவிடுகிறேன். கதை முடிவில் சில்வண்டுச் சத்தம் ஓடுகிறதே, அந்த 20 நொடி உங்களுக்குத்தான். உங்கள் குரலில், அதன் காதோடு, அதன் பேரைச் சொல்லுங்கள்.

கதை முடிஞ்சும் தூங்காம இன்னொண்ணு கேக்கறான். எத்தனை போடலாம்?

ஒன்றுதான். கேட்டால் அதையே இன்னொரு தடவை, அதுவும் படமில்லாமல். புதுக் கதை போட்டால் புது ஆவல் வரும். அதே கதை என்றால் அடுத்தடுத்த வரி தெரிந்திருக்கும், பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. தினமும் ஒரே கதை அலுக்குமே என்று பெரியவர்கள்தான் கவலைப்படுகிறோம். என் பெண் ஈக்கதையைத் தொடர்ந்து இரண்டு மாதம் கேட்டாள்.

போனை வைத்துவிட்டு வெளியே போய்விடாதீர்கள். பாட்டிக்குக் காது இருந்தது, வீடியோவுக்கு இல்லை. நான் விட்ட இடைவெளிகளில் "ம்" வருகிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். முதலில் கணீரென்று வரும். கொக்கு வரும்போது இழுத்து வரும். திரும்பும் வழியில் ஒன்று விட்டு ஒன்று வரும். இரண்டு இடைவெளி தொடர்ந்து சத்தமில்லாமல் போனால் குதிரையோ கன்றோ எங்கே இருந்தாலும் பரவாயில்லை, சத்தத்தை மெல்லக் குறைத்து அணைத்துவிடுங்கள்.